பந்து கிடைக்காத சிறுமி

வாய்ப்பாடு நம் நாட்டில் காதால் பயின்ற வித்தை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியை உரக்க ஒப்பித்தே மனனம் செய்தார்கள். இம்முறையில் ஒரு குறை உண்டு. "ஆறேழு எவ்வளவு?" என்று திடீரெனக் கேட்டால், பிள்ளை 'ஓரேழு ஏழு' என்று அடிப்படியிலிருந்து ஏறத் தொடங்கிவிடுவான். அசையும் உதடே அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

திருமங்கலத்தில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளை வெயில் ஏறுமுன் பள்ளி முற்றத்தில் நிறுத்தி, இதற்கு இரண்டு விளையாட்டுகளை நாம் நடத்தி வருகிறோம்.

முதலாவது கயிறு தாண்டுதல். இருவர் நீளக் கயிற்றைச் சுழற்றுவார்கள். நான்காம் வாய்ப்பாடானால், ஒரு குழந்தை உள்ளே புகுந்து மூன்று முறை மௌனமாகத் தாண்டி, நான்காம் முறை "நாலு!" என்று கூவி வெளியேற வேண்டும். அடுத்த குழந்தை "எட்டு!" என்று கூவும். பத்துப் பேர் தாண்டினால் நாற்பது முடிந்துவிடும். கயிறு காலில் சிக்கினால், விட்ட இடத்திலிருந்தே தொடரவேண்டும். ஆரம்பத்தில் நாம் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கச் செய்தோம். அதனால் 4, 8, 12 ஆகியவை தேய்ந்து பழகின. 28, 32, 36 ஆகியவற்றுக்கு முறையே வரவில்லை.

இரண்டாவது பந்து விளையாட்டு. பத்துப் பேர் வட்டமாக நின்று, 0 முதல் 9 வரை எண் பெறுவார்கள். 0-இல் உள்ளவர் நான்கு இடம் தள்ளி நிற்பவருக்குப் பந்தை எறிவார். பிடிப்பவர் "நாலு" என்பார். அடுத்து 8, அதன்பின் 12 என்று கூவுபவர் 2-ஆம் இடத்தவர், 16 கூவுபவர் 6-ஆம் இடத்தவர், 20-இல் பந்து புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். கடைசி எண்ணே இடத்தைச் சொல்வதால், தவறு செய்தவரை நாம் திருத்த வேண்டியதில்லை, வட்டமே திருத்திவிடும். ஆனால் பத்தாமிட எண்ணை அவரவரே மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

ஒருநாள் 7-ஆம் இடத்துச் சிறுமி கண் கலங்கினாள். "எனக்குப் பந்தே வரல்லே, ஸார்!"

நாம் சமாதானம் கூறவில்லை. "உன்னைப் போல் வேறு யாருக்கு வரவில்லை?" என்று கேட்டோம். 1, 3, 5, 9 ஆகிய நால்வரும் கை தூக்கினர். நான்காம் வாய்ப்பாட்டில் ஒற்றை எண்ணே கிடையாது என்பதை அவளே கண்டாள். "மூணாம் வாய்ப்பாடு போடலாம், ஸார்" என்றாள். போட்டோம், பந்து பத்துப் பேரையும் தொட்டது. பிறகு ஏழாம் வாய்ப்பாடு போட்டபோது, பந்து அதே வழியில் திரும்பி நடந்தது. பத்துப் பேர் வட்டத்தில் ஏழு இடம் முன்னே செல்வதும் மூன்று இடம் பின்னே செல்வதும் ஒன்றுதானே!

இறுதியாகப் பந்தை யாருக்கேனும் எறிந்து, "ஆறேழு?" என்போம். உதடு அசைந்தால், அடிப்படிக்கு அனுப்பாமல், "ஐயேழு முப்பத்தைந்து; அதன்மேல் ஓர் ஏழு" என்று நடுப்படியில் நிறுத்துவோம். சில வாரங்களில் உதடு அசைவது நின்று, விடை மட்டும் வரும்.