பத்துக்கு எத்தனை?

பெண்களின் அழகை எண்ணிக் கணக்கெடுத்து அதை அறிவியல் என்று நம்பிய ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருந்தார். பெயர் பிரான்சிஸ் கால்டன். யூஜெனிக்ஸ் என்ற சொல்லை உருவாக்கியவரும் அவர்தான். நகரத் தெருக்களில் எதிரே வந்த பெண்களை அழகி, சுமார், அழகற்றவள் என்று மூன்றாகப் பிரித்து, பையில் மறைத்து வைத்திருந்த காகிதத்தில் ஊசியால் துளையிட்டுக் கணக்கு வைத்தார். அந்தக் கணக்கில் லண்டன் முதலிடம், அபெர்டீன் கடைசி இடம். அவர் அளந்தது அபெர்டீன் பெண்களையா, தன் சொந்த ரசனையையா என்ற கேள்வி அவருக்கு எழவில்லை.

அந்த ஊசி இன்று நம் கைக்கே வந்துவிட்டது. "இந்தப் போட்டோவுக்குப் பத்துக்கு எத்தனை போடுவே?" என்று தோழிக்கு அனுப்புகிறோம். அவள் "ஆறு" என்கிறாள். அந்த ஆறு யாருக்குப் போட்ட மதிப்பெண்?

முதலில், அது கேமராவுக்குப் போட்டது. கைபேசியை முகத்திலிருந்து ஓர் அடி தூரத்தில் பிடித்துப் படமெடுத்தால், லென்ஸுக்கு அருகில் இருக்கும் மூக்கு பெரிதாகவும், தள்ளியிருக்கும் காதும் கன்ன ஓரமும் சிறிதாகவும் விழும். 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் இதைக் கணக்கிட்டார்கள். ஓரடித் தூரத்தில் மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. ஐந்தடித் தூரத்தில் அந்த வேறுபாடு அநேகமாக மறைந்துவிடுகிறது. செல்ஃபியில் தெரியும் மூக்கைக் காட்டி அறுவைசிகிச்சை கேட்டு வருகிறவர்களுக்காகச் செய்த கணக்கு இது. குறை தூரத்தில் இருக்க, கத்தி மூக்கின் மேல் விழுகிறது.

இரண்டாவதாக, அது அந்த ஒரு நொடிக்குப் போட்டது. 2011இல் பிரிட்டனில் ராப் ஜென்கின்ஸ் குழுவினர் இரண்டு டச்சுப் பெண்களின் படங்களை, ஆளுக்கு இருபதாக, நாற்பது அட்டைகளில் கலந்து கொடுத்து, ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். அந்தப் பெண்களை அறியாதவர்கள் பொதுவாக ஏழெட்டுப் பேர் இருப்பதாகப் பிரித்தார்கள். அதே ஆய்வில், ஒருவருடைய வெவ்வேறு படங்களுக்கு இடையிலான கவர்ச்சி வேறுபாடு, இரண்டு ஆட்களுக்கு இடையிலான வேறுபாட்டைவிடவும் அதிகமாக இருக்கக்கூடும் என்று தெரியவந்தது. ஒரே ஆள் என்றே தெரியாத அளவுக்குப் படங்கள் மாறும்போது, ஒரே ஒரு படத்தை வைத்து அவளுக்கு மதிப்பெண் போடுவது எந்த ஊர் நியாயம்?

மூன்றாவதாக, அது பார்க்கிறவரின் ரசனைக்குப் போட்டது. நான்கு பேரில் இருவர் ஒன்பதும் இருவர் மூன்றும் போட்டால் சராசரி ஆறு. ஆனால் ஆறு என்று அவர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. யாருமே சொல்லாத அந்த எண்ணைத்தான் ஒருத்தி தன் முகத்தின் விலையாக மனதில் ஒட்டிவைத்துக்கொள்கிறாள்.

சரி, தோழி கேட்டுவிட்டாள், என்ன சொல்வது? "நீ அழகுதான்டி" என்று தட்டிக்கொடுப்பதும் மதிப்பெண்தான், பத்துக்குப் பத்து. அதுவும் அவளுக்கு உதவாது.

"எதுக்குடி இந்தப் படம்?" என்று திருப்பிக் கேளுங்கள். வேலைக்கான விண்ணப்பத்துக்கு என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படம் போதாது, மூன்று நான்கு அனுப்பச் சொல்லுங்கள். பிறகு முகத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பற்றிப் பேசுங்கள்: "முதல் படத்துல டியூப்லைட் நேரா தலைக்கு மேல இருக்கு, அதான் கண்ணுக்குக் கீழ நிழல். ரெண்டாவதுல கேமரா ரொம்பக் கிட்ட. மூணாவதுல ஜன்னல் வெளிச்சம் முகத்துல விழுது, தோள் வரைக்கும் தெரியுது, பார்வை நேரா இருக்கு. அதையே ஐந்தடி தள்ளி நின்னு யாரையாவது எடுக்கச் சொல்லு." இதில் ஒவ்வொரு சொல்லையும் அவள் சரிபார்க்க முடியும், மாற்ற முடியும், மறுக்கவும் முடியும். "ஆறு" என்ற எண்ணை வைத்து இதில் எதையும் செய்ய முடியாது.

கடைசித் தேர்வை, அவளை அறியாத இரண்டு மூன்று பேரிடம் விடுவதும் நல்லது. தம் படத்தைத் தாமே தேர்ந்தெடுப்பவர்களைவிட, முன்பின் அறியாதவர்கள் தேர்ந்த படங்களே பிறரிடம் நல்ல அபிப்பிராயத்தைப் பெற்றன என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அவர்களிடமும் "இவளுக்கு எத்தனை?" என்று கேட்கக் கூடாது. "இந்த மூன்றில் விண்ணப்பத்துக்கு எது பொருத்தம்?" என்றே கேட்க வேண்டும்.

"அதெல்லாம் இருக்கட்டும், நான் அழகா இல்லையா, அதைச் சொல்லு" என்று அவள் விடாமல் கேட்கலாம். அதற்கு நேர்மையான பதில், இந்தப் படத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது என்பதுதான். பெண் பார்க்க வரும் முன்னே படத்தைக் கேட்டு வாங்கி, நிறத்தையும் மூக்கையும் எடைபோடும் வீடுகளுக்கும் இதே பதில்தான். கால்டனின் ஊசியை அவர்கள் இன்னும் கீழே வைக்கவில்லை. நாம் வைத்துவிடலாம்.