நகை நாடகமும் நிறைவு வரியும்

கல்லூரி விழாக்களில் அரங்கேறும் நகைச்சுவைக் குறுநாடகங்கள் பெரும்பாலும் நன்றாகவே தொடங்குகின்றன. நடுவிலும் சிரிப்பொலிக்குக் குறைவிருப்பதில்லை. முடிவில்தான் அரங்கு தடுமாறுகிறது. நாடகம் முடிந்துவிட்டதா, இன்னும் காட்சி உண்டா என்று அவையோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர். நடிகர்களும் அவ்வாறே பார்த்துக்கொள்கின்றனர். பிறகு யாரோ ஒருவர் திரைப்படப் பாடலை ஒலிக்கவிட, மூவரும் ஆடிக்கொண்டே உள்ளே போய்விடுகின்றனர். இக்குறை நடிப்பில் பிறப்பதன்று, எழுத்தில் பிறப்பது. நகை நாடகம் எழுதுவோர் நிறைவு வரியை முதலில் எழுதிவிட்டுப் பின்னரே தொடக்கத்திற்கு வரவேண்டும். மூவர் நடிக்கும் நாடகமாயின் அந்நிறைவு வரியை மூன்றாமவரிடமே கொடுக்கவேண்டும் என்பது நம் கருத்து.

திரைப்பட நகைச்சுவையைப் பார்த்துப் பழகிய மாணவர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். திரையில் சிரிப்பு உச்சத்தை எட்டியவுடன் காட்சியை வெட்டிவிடலாம். அடுத்த நொடியில் கதை வேறு ஊரில் நடக்கும். ஆதலால் அங்கே நகைச்சுவைக் காட்சிக்குத் தனி முடிவு தேவைப்படுவதில்லை. மேடையில் அவ்வெட்டு இல்லை. சிரிக்கவைத்த மூவரும் அவையோர் கண்முன்னே நின்றுகொண்டிருப்பர். அவர்களை அங்கிருந்து விடுவிக்கும் ஒரு சொல் வேண்டும். அச்சொல்லுக்குப் பின் பேச எதுவும் மிஞ்சக்கூடாது.

அதை எவ்வாறு அமைப்பது என்பதை நாம் அனைவரும் அறிந்த கதையொன்றைக் கொண்டு காண்போம். துருக்கி முதல் நம் நாடு வரை வழங்கும் முல்லா நஸ்ருத்தீன் கதைகளில் இரவல் ஆடைக் கதை ஒன்றுண்டு. முல்லா தம் நண்பருக்கு ஆடை இரவல் தந்து, வீடு வீடாக அழைத்துச் செல்கிறார். முதல் வீட்டில் ஆடை என்னுடையது என்கிறார். நண்பர் வருந்தவே, இரண்டாம் வீட்டில் ஆடை அவருடையதே என்கிறார். அதற்கும் நண்பர் வருந்தவே, மூன்றாம் வீட்டில் ஆடையைப் பற்றி நாம் பேசுவதாயில்லை என்கிறார். கதையாகச் சொல்லும்போது இம்மூன்றாம் வரியே போதும். மேடையிலோ அது போதாது. அவ்வரியைப் பேசிய பின்னும் நண்பர் இருவரும் அவ்வீட்டிலேயே நிற்கின்றனர். வீட்டுக்காரர் மறுமொழி கூறாமல் இருக்கிறார். அவர் என்ன சொல்வார் என்று அவை காத்திருக்கும். நாடகத்தின் முடிவு அங்கேதான் இருக்கிறது.

இக்கதையை நம் கல்லூரிக்குக் கொண்டுவருவோம். மாணவர் மன்றச் செயலாளர் சலீம், ஆண்டுமலருக்கு விளம்பரம் திரட்டப் போகவேண்டும். மதிப்பான உடை இல்லை. தோழன் காசிம் ஒரு ஷெர்வானியை இரவல் தருகிறான். உடன் வருவேன் என்ற நிபந்தனையோடு தருகிறான். மூன்றாம் நடிகர் ஒருவரே துணிக்கடைக்காரர், மருத்துவர், ஹாஜியார் என்னும் மூவராகவும் வருகிறார். மேடை நடுவில் ஒரு நாற்காலி. அதன் முதுகில் அளவு நாடா, மூக்குக் கண்ணாடி, சால்வை. அவர் திரைமறைவுக்குப் போகாமல் அவையோர் பார்க்கவே ஒன்றைக் கழற்றி ஒன்றை அணிகிறார். அந்நேரத்தில் மற்ற இருவரும் நாற்காலியைச் சுற்றி நடந்தபடி சண்டையிடுகின்றனர். அந்நடையே தெருவாகிறது, உடை மாற்றும் நேரமும் வீணாவதில்லை.

இனி நிறைவு வரி. காசிம் ஊரெல்லாம் தன்னுடையது என்று பறைசாற்றிய ஷெர்வானி அவனுடையதன்று. சென்ற பெருநாளுக்கு ஹாஜியாரிடம் இரவல் வாங்கி, திருப்பித் தராமல் வைத்துக்கொண்டது. இதை அவையோருக்கு யாரும் விளக்கிச் சொல்லலாகாது. ஹாஜியார் வீட்டின் உட்புறம் திரும்பிக் குரல் கொடுக்கிறார்: "உள்ள யாரு? ரெண்டு டீ கொண்டாங்க. செயலாளர் தம்பி வந்திருக்காரு. போட்டிருக்கிற ஷெர்வானி நம்மளோடது." விளக்கு அணைகிறது.

இவ்வரி ஏன் நிற்கிறது என்று பார்ப்போம். முதல் வீட்டில் காசிம் சொன்னது, "இது எங்க செயலாளர் சலீம். போட்டிருக்கிற ஷெர்வானி என்னோடது" என்பது. அதே வரி, அதே நடையில், வேறொருவர் வாயிலிருந்து திரும்பி வருகிறது. அவையோர் அதை உடனே அடையாளம் கண்டுகொள்கின்றனர். தாமே கண்டுகொண்டதனால் சிரிப்பு பெருகுகிறது. மேலும், உண்மையை வெளிப்படுத்தும் 'நம்மளோடது' என்னும் சொல் வரியின் கடைசிச் சொல்லாக நிற்கிறது. அதன்பின் "தெரியுமா" என்றோ "என்ன காசிம்" என்றோ ஒரு சொல் சேர்த்தால், எழும் சிரிப்பை அச்சொல்லே மிதித்துவிடும்.

நிறைவு வரி கையில் வந்தபின் தொடக்கத்திற்குத் திரும்பி இரண்டு விதைகளை ஊன்றவேண்டும். முதல் விதை, ஷெர்வானியின் பச்சைப் பொத்தான். "எல்லாம் கறுப்பா இருக்கு, இது மட்டும் என்னடா பச்சை?" என்று சலீம் கேட்க, "அதுதான்டா இப்ப பேஷன்" என்கிறான் காசிம். இரண்டாம் விதை, ஹாஜியார் வீட்டுக்குப் போகக் காசிம் காட்டும் தயக்கம். "அவர் வேணாம்டா. என்னைப் பார்த்தா பாசம் பொங்கி விடவே மாட்டாரு" என்கிறான். விதைகள் இரண்டும் அந்தந்த இடத்தில் தாமே சிரிப்பை விளைவிக்கவேண்டும். சிரித்துவிட்ட அவை அதை நகைத்துணுக்கு என்று எண்ணி மறந்துவிடும். முடிவுக்கான குறிப்பு என்று ஐயுறாது. இரண்டாம் விதை இன்னொரு பயனும் தருகிறது. காசிம் ஏன் தானாகவே ஹாஜியாரிடம் மாட்டிக்கொள்ளப் போனான் என்னும் வினாவுக்கு அது விடை. அவன் போகவில்லை, சலீம் இழுத்துச் சென்றான்.

ஒரு தடை உண்டு. இருபதாவது வரிசையில் அமர்ந்திருப்பவருக்குப் பொத்தான் தெரியாது. ஆதலால் அதைச் சொல்லிலும் செயலிலும் காட்டவேண்டும். பச்சைப் பொத்தானை மறைப்பதற்காகச் சலீம் ரசீதுப் புத்தகத்தை எப்போதும் மார்போடு அணைத்தே நிற்கிறான். மூன்றாம் வீட்டில் ஹாஜியார் விளம்பரம் எழுதப் புத்தகத்தைக் கேட்டு வாங்குகிறார். மார்பு வெளிப்படுகிறது, ஆயினும் அவர் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். அப்போது காசிம், "ஷெர்வானியைப் பத்தி நாங்க பேசுறதா இல்ல" என்கிறான். அதைக் கேட்டுத்தான் ஹாஜியார் நிமிர்ந்து பார்க்கிறார். பேசாதிருந்தால் தப்பியிருப்பான், பேசமாட்டோம் என்று பேசியதனால் அகப்பட்டான். முடிவு வெளியிலிருந்து வந்து விழவில்லை. அவன் இயல்பே அதைக் கொண்டுவந்தது.

தொல்காப்பியர் நகைக்கு நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கைக் கூறினார். மடன் என்பதற்குக் கொண்டதை விடாமை என்று உரையாளர் பொருள் கண்டனர். காசிமின் நகை அத்தகையது. நம் மாணவர் நாடகங்களோ பெரும்பாலும் எள்ளல் ஒன்றையே நம்பியிருக்கின்றன. அதுவும் திக்கிப் பேசுபவரையும் கறுத்த நிறத்தவரையும் வேற்றூர் வழக்கில் பேசுபவரையும் எள்ளுவதாகவே இருக்கிறது. அரங்கில் அத்தகையோர் அமர்ந்திருக்கின்றனர் என்பதை எழுதுபவர் எண்ணுவதில்லை. இது பண்புக் குறை மட்டுமன்று, அமைப்புக் குறையுமாகும். ஒருவர் திக்குவதற்கு முடிவு கிடையாது. பத்து முறை திக்கவைத்தாலும் நாடகம் ஓர் அடியும் நகராது. ஆகவேதான் அடிதடியிலோ ஆட்டத்திலோ முடிக்க நேர்கிறது. மடனோ ஒருவரைச் செயலுக்குத் தள்ளும், செயல் விளைவைத் தரும், விளைவு முடிவாகும்.

பெரியவர்கள் சிலர், நாடகத்தின் இறுதியில் ஒரு நல்லுரை இருக்கவேண்டும் என விரும்புவர். அவ்விருப்பத்தை நாம் மதிக்கிறோம். எனினும், இரவல் பொருளால் பெருமை கொள்ளாதே என்று மூவரும் வரிசையாக நின்று கூறினால், ஹாஜியாரின் வரி ஏற்கெனவே கூறியதைச் சுவையின்றித் திரும்பக் கூறியதாகவே முடியும். அறம் அவ்வரியினுள் இருக்கிறது. வீடு திரும்பும் வழியில் அவையோர் தாமே எடுத்துக்கொள்வர்.

எழுதி முடித்தபின் ஒத்திகையில் இரண்டு சோதனைகள் செய்யலாம். நாடகத்தைப் பாராத ஒருவரிடம் நிறைவு வரியை மட்டும் சொல்லிப் பார்க்கவேண்டும். அவர் சிரிக்காமல் விழிக்கவேண்டும். தனியே சொன்னாலும் சிரிப்பு வருமாயின் அது எங்கும் ஒட்டவைக்கக்கூடிய துணுக்கு, இந்நாடகத்தின் முடிவன்று. அடுத்து, புதிய பார்வையாளர் ஒருவரை அமர்த்தி, ஹாஜியார் நிமிரும் இடத்தில் நிறுத்தி, என்ன நடக்கும் என்று கேட்கவேண்டும். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் விதை மேலே தெரிகிறது. பச்சைப் பொத்தானைப் பற்றிய பேச்சைக் குறைக்கவேண்டும். முடிவைப் பார்த்தபின்னும் விளங்கவில்லை என்றால் விதை ஆழப் புதைந்துவிட்டது; புத்தகத்தால் மறைக்கும் செயலை இரண்டாம் வீட்டில் இன்னும் ஒருமுறை காட்டவேண்டும்.

மேடையில் கவனிக்கவேண்டியவையும் உள. ஹாஜியார் பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தால் ஒலிவாங்கியில் விழாது; நாடகம் முழுவதும் எந்த வரிக்காகக் காத்திருந்ததோ அவ்வரியே கேளாமல் போய்விடும். ஆகவே வீட்டின் உட்புறம், மேடை முகப்பில் ஒலிவாங்கி நிற்கும் ஓரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளவேண்டும். விளக்கை அணைப்பவரிடம் 'நம்மளோடது' என்னும் சொல்லை எழுதிக் கொடுத்துவிடவேண்டும். பகற்பொழுதில் பந்தலில் நடப்பதாயின் அணைக்க விளக்கு இராது. அப்போது மூவரும் அச்சொல்லோடு அசையாமல் நின்று, சிரிப்பு எழுந்து தணியத் தொடங்கும்போது ஒருசேரத் தலைவணங்கவேண்டும். விழாக் குழு எட்டு நிமிடம் தந்தால், ஒத்திகையில் ஆறு நிமிடத்தில் முடியுமாறு எழுதவேண்டும். எஞ்சிய இரண்டு நிமிடம் அவையோரின் சிரிப்புக்கு உரியது. அதையும் வசனத்தால் நிரப்பிவிட்டால் மணி அடிக்கும்போது ஹாஜியார் இன்னும் ரசீது எழுதிக்கொண்டிருப்பார்.

விழா அவை முடிவு வரை பொறுத்திராது, துணுக்குகளை அடுக்கினால் போதும் என்பாரும் உண்டு. அவை பொறுமையிழப்பது உண்மையே. ஆனால் முதல் வீட்டில் கேட்ட வரி இரண்டாம் வீட்டில் மாறி வந்தவுடன், மூன்றாம் வீட்டில் என்ன வரும் என்று அந்த அவையே காதைத் தீட்டிக்கொண்டு அமரும். அவ்வாறு காத்திருப்போருக்கு எழுதுபவர் கடன்பட்டவராகிறார். நிறைவு வரி அக்கடனைத் தீர்ப்பது. அதனால்தான் அதை முதலில் எழுதச் சொல்கிறோம்.