எட்டு எலும்பும் ஒரு மனப்பாட வாக்கியமும்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியிலிருந்து என் மகள் வயிற்றுப் பேத்தி வந்திருந்தாள். பிசியோதெரபி முதலாம் ஆண்டு. கையில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு ஃப்ளாஷ் கார்டு. "அப்புச்சி, எதை வேணா கேளுங்க, மணிக்கட்டு எலும்பு எட்டையும் தண்ணியாட்டச் சொல்லிப்போடுவேன்" என்றாள். சொல்லவும் சொன்னாள். ஸ்கேஃபாய்ட், லூனேட், ட்ரைக்வெட்ரம், பிஸிஃபார்ம், ட்ரபீசியம், ட்ரபீசாய்ட், கேபிடேட், ஹேமேட். ஒரு பிசகும் இல்லை. நான் என் கையை நீட்டி, "செரி அம்மிணி, இதுல லூனேட் எங்க இருக்குது, தொட்டுக் காட்டு" என்றேன். கட்டைவிரல் அடியில் வைத்தாள் விரலை.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கோவையில் முப்பது வருஷம் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு உடற்கூறியல் சொல்லிக்கொடுத்தவன் நான். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். "ஷி லுக்ஸ் டூ ப்ரிட்டி, ட்ரை டு கேட்ச் ஹெர்" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் வகுப்பு சிரிக்கும், எட்டு பெயரும் அன்றைக்கே மனதில் உட்காரும். பெண்பிள்ளைகள் பாதிப் பேர் இருக்கும் வகுப்பில் அந்த வாக்கியத்தைச் சொன்னதே இப்போது கூச்சமாக இருக்கிறது, அது வேறு கதை. என் குறை வேறு. அந்த வாக்கியம் வரிசையைத் தருகிறது, இடத்தைத் தருவதில்லை.

இன்னொரு வாக்கியமும் மாணவர்கள் கையில் உண்டு. "சோ லாங் டு பிங்கி, ஹியர் கம்ஸ் த தம்ப்." இரண்டிலும் முதல் நாலு எலும்பு ஒன்றுதான், கட்டைவிரல் பக்கமிருந்து சுண்டுவிரல் பக்கம் போகும். அடுத்த நாலில்தான் வம்பு. முதல் வாக்கியம் மேல் வரிசைக்கு மறுபடி கட்டைவிரல் பக்கமே வந்து ட்ரபீசியத்தில் தொடங்கும். இரண்டாவது, உழவு மாடு வரப்பில் திரும்புகிற மாதிரி, சுண்டுவிரல் பக்கமே திரும்பி ஹேமேட்டில் தொடங்கும். இரண்டையும் பாதிப் பாதி படித்த பிள்ளை கட்டைவிரலுக்கு அடியில் ஹேமேட்டை எழுதிவிடும். விடைத்தாளில் நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் என் ஓட்டு இரண்டாவதுக்கு. எந்தப் பக்கம் பிங்கி, எந்தப் பக்கம் தம்ப் என்பது அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது.

அதைவிட நல்லது பெயரின் அர்த்தத்தைப் பிடிப்பது. ஸ்கேஃபாய்ட் என்றால் படகு. லூனேட் பிறை. ட்ரைக்வெட்ரம் மூன்று மூலை உள்ளது. பிஸிஃபார்ம் பட்டாணி. ட்ரபீசியம் மேசை, ட்ரபீசாய்ட் மேசை மாதிரி ஒன்று, கேபிடேட் தலை உள்ளது, ஹேமேட் கொக்கி. மூன்று பெயர் "ட்ர" என்று தொடங்குவதால் வரும் குழப்பம் இதில் வராது. கட்டைவிரல் உட்காரும் மேசை ட்ரபீசியம் என்று வைத்துக்கொண்டால் அதன் இடமும் கூடவே வந்துவிடும்.

இடம் தெரியாமல் போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். எங்கள் பங்காளி வீட்டுப் பையன் ஒருவனுக்கு ஆனதைச் சொல்கிறேன். வெகுநாள் மனதில் கிடந்த விஷயம்.

சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிற குடும்பம். பையனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பைக்கில் சறுக்கி, கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டு வீக்கம். அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்தார்கள், முறிவு எதுவும் தெரியவில்லை. எனக்கு போன் போட்டு, "பெரியப்பா, எக்ஸ்ரே நல்லாருக்குதாம், கட்டைவிரல் பக்கம் மட்டும் வலிக்குதுங்க" என்றான். "அப்ப சுளுக்குதான் சாமி, ஒரு வாரத்துல செரியாப் போயிரும்" என்று சொன்னவன் நான்தான். அவன் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டு தறிக்குப் போய்விட்டான். ஐந்து மாதம் கழித்து, வாளி தூக்க முடியவில்லை என்று மறுபடி படம் எடுத்தபோது ஸ்கேஃபாய்ட் நடுவில் இரண்டாக முறிந்து, கூடாமலே கிடந்தது. முன்கைப் பக்கத்துத் துண்டு ரத்த ஓட்டம் இல்லாமல் படத்தில் வெளுத்துத் தெரிந்தது. இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து, திருகாணி போட்டார்கள். கூடிவிட்டது. ஆனால் அந்தக் கை இன்றும் முழுசாக மடங்குவதில்லை.

அன்றைக்கு போனில் நான் ஒன்றே ஒன்று சொல்லியிருக்க வேண்டும். "கட்டைவிரலை விறைப்பாத் தூக்கு, அடியில ஒரு குழி விழும், அதுல அமுக்கிப் பாரு." பெரியவர்கள் மூக்குப்பொடி வைத்து உறிஞ்சிய குழி அதுதான், பாடப்புத்தகத்திலும் பெயர் அதுதான். அந்தக் குழியின் தரையில் ஸ்கேஃபாய்ட் கிடக்கிறது. விழுந்தவனுக்கு அங்கே அமுக்கி வலித்தால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் ஸ்கேஃபாய்ட் முறிவு என்றே வைத்துக்கொண்டு கட்டுப் போட்டு அசையாமல் வைக்க வேண்டும். பத்துப் பதினாலு நாளில் மறுபடி படம், அல்லது முடிந்தால் முன்னாலேயே எம்ஆர்ஐ. முதல் நாள் படத்தில் மயிரிழை முறிவு தெரியாமல் போவது இந்த எலும்பின் குணம்.

இந்த எலும்பு ஏன் இத்தனை பிடிவாதம் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. இதற்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனை அருகே நுழைந்து, முன்கைப் பக்கம் திரும்பிப் பாய்கிறது. கடைமடைக்கு ஒரே வாய்க்கால். நடுவில் உடைந்தால் கடைமடை காய்ந்துபோகும். எட்டு பெயரையும் வரிசையாகச் சொல்லத் தெரிந்த எனக்கு, இந்த ஒன்றை அந்த நேரத்தில் எடுத்துக் கொடுக்க அந்த வாக்கியத்துக்குத் தெரியவில்லை.

தசைநார்களுக்கு வருவோம். பிள்ளைகள் அழுவது இங்கேதான். பெயர் நீளமாக இருக்கிறது என்று பயப்படுகிறார்கள். அது வெறும் பஸ் போர்டு. ஈரோடு, பெருந்துறை, அவிநாசி, கோவை என்று போர்டைப் படித்தால் பஸ் எங்கே கிளம்பி எங்கே நின்று எங்கே போகிறது என்று தெரியாதா? ரேடியோ-ஸ்கேஃபோ-கேபிடேட் என்றால் ரேடியஸில் கிளம்பி, ஸ்கேஃபாய்டைத் தொட்டுக்கொண்டு, கேபிடேட்டில் இறங்குகிறது. முன்கை எலும்பில் கிளம்புபவை வெளியூர் பஸ். எட்டு எலும்புக்குள்ளேயே ஓடுபவை டவுன் பஸ். ஒரு விதிவிலக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். ரேடியோ-ஸ்கேஃபோ-லூனேட் என்று ஒன்றுக்குப் போர்டு இருக்கிறது, ஆனால் அதற்குப் பலம் இல்லை. ரத்தக்குழாயும் நரம்பும் போகிற ஒரு மடிப்புதான் அது.

டவுன் பஸ்ஸில் முதலாம் ஆண்டுக்கு இரண்டு போதும். லூனேட்டை ஸ்கேஃபாய்டோடு கட்டுவது ஒன்று, ட்ரைக்வெட்ரத்தோடு கட்டுவது ஒன்று. நடுவில் லூனேட், இரண்டு பக்கமும் இரண்டு மாடு. ஸ்கேஃபாய்ட் எப்போதும் உள்ளங்கைப் பக்கம் கவிழப் பார்க்கும், ட்ரைக்வெட்ரம் புறங்கைப் பக்கம் நிமிரப் பார்க்கும். இரண்டு கயிறும் இருக்கிற வரை லூனேட் நேராக நிற்கும். ஸ்கேஃபாய்ட் பக்கத்துக் கயிறு அறுந்தால் லூனேட் மற்ற மாட்டோடு போய், புறங்கைப் பக்கம் சாய்ந்துவிடும். பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில் இது தெரியும். நேராக எடுத்த படத்தில் ஸ்கேஃபாய்டுக்கும் லூனேட்டுக்கும் நடுவே சந்து விழும். அந்தச் சந்து 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் சந்தேகப்பட வேண்டும். முன்பல்லில் இடைவெளி உள்ள டெரி தாமஸ் என்ற ஆங்கிலேய நகைச்சுவை நடிகர் பெயரை அந்த அடையாளத்துக்கு வைத்திருக்கிறார்கள். நல்ல ஞாபகக்குறிப்பு என்றால் அப்படி இருக்க வேண்டும். பெயரைச் சொன்னதுமே படம் கண்ணில் நிற்கிறது.

இந்த இரண்டு கயிற்றிலும் பலமான பகுதி எங்கே என்று தேர்வில் கேட்பார்கள். ஸ்கேஃபாய்ட் பக்கத்துக்குப் புறங்கைப் பகுதி தடிமன், ட்ரைக்வெட்ரம் பக்கத்துக்கு உள்ளங்கைப் பகுதி. ஸ்கேஃபாய்ட் உள்ளே கவிழ்வதை முதுகுப் பக்கமிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும், ட்ரைக்வெட்ரம் நிமிர்வதை எதிர்ப் பக்கமிருந்து பிடிக்க வேண்டும். மாட்டை யோசித்தால் விடை வந்துவிடும், உருப்போட வேண்டியதில்லை.

ஆகவே கார்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடையில் விற்கும் கார்டு, முன்பக்கம் படம், பின்பக்கம் பெயர், அது மட்டும் போதாது என்கிறேன். அன்று மத்தியானம் பேத்தியோடு உட்கார்ந்து புதுக் கார்டு எழுதினோம். முன்பக்கம்: "சுண்டுவிரல் பக்கம், மணிக்கட்டு ரேகையில், கையைத் தளர்த்தினால் பட்டாணி போல் நகர்வது எது?" பின்பக்கம் பிஸிஃபார்ம். அதைச் சொல்வதற்கு முன் தன் கையில் தொட வேண்டும், தொடாமல் சொன்னால் தப்பு என்று கணக்கு. இன்னொன்று: "கையை ஊன்றி விழுந்தவர், முதல் எக்ஸ்ரே சுத்தம், மூக்குப்பொடிக் குழியில் வலி. என்ன செய்வாய், ஏன்?" பின்பக்கம் வாய்க்கால் கதை. லூனேட்டுக்கு: "மணிக்கட்டின் பின்புறம், ரேடியஸ் முனையில் தட்டுப்படும் சிறு முண்டைத் தாண்டி விரல் பக்கம் போ. கையை முன்னால் மடக்கினால் எழும்பி வருவது எது?" எழுதி முடித்ததும் சீட்டாட்டம் போலக் கலைத்துப்போட்டோம். வரிசையாக அடுக்கிய கார்டில் போன கார்டே அடுத்ததற்குத் துப்புக் கொடுத்துவிடும், தெரிந்த மாதிரி ஒரு மயக்கம் வரும். தப்பானவை நாளைக்கு, சரியானவை நாலு நாள் கழித்து என்று இரண்டு பழைய ஸ்வீட் டப்பா கொடுத்தனுப்பினேன்.

ஹேமேட்டின் கொக்கிதான் அவளுக்குச் சிக்கவே இல்லை. பட்டாணி மேல் அடுத்த கையின் கட்டைவிரல் மூட்டை வைத்து, விரல் நுனியை ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே பார்க்கிற மாதிரி திருப்பி, நுனியால் ஆழமாக அமுக்கச் சொன்னேன். வரவில்லை. சாயங்காலம் உக்கடத்தில் பஸ் ஏற்றிவிட்டு வீடு வந்து சேர்வதற்குள் போன். "அப்புச்சி, கெடச்சிருச்சுங்க. அமுக்குனா வலிக்குது."