பளிச்சென்று தெரிய வேண்டியது எது?

டிசைன் வேலை நடக்கும் இடங்களில் ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. வாடிக்கையாளர் அரைகுறையாகச் சொன்னாலும் அவர் மனதைப் படித்துவிடுபவர்தான் நல்ல டிசைனராம். திருப்பிக் கேள்வி கேட்பவருக்குத் தொழில் தெரியாதாம். "இன்னும் கொஞ்சம் பளிச்சுனு இருந்தா நல்லா இருக்கும் தம்பி" என்று கடை முதலாளி சொன்னதும், "பண்ணிடலாம் சார்" என்று எழுந்து வந்துவிடுவதைச் சாமர்த்தியம் என்கிறார்கள். எனக்கு அது சோம்பலாகத்தான் தெரிகிறது. கேட்டிருக்க வேண்டிய கேள்விகளிலிருந்து நழுவுவதற்கு உள்ளுணர்வு என்று கௌரவமான பெயர் வைத்திருக்கிறோம்.

எழுந்து வந்தவர் அடுத்து என்ன செய்வார்? எல்லாவற்றையும் கூட்டுவார். ஒரு துணிக்கடையின் தீபாவளிப் பக்கம், போனில் பார்ப்பதற்கானது என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள ஆர்டர் பொத்தான் அடர்சிவப்பு, `#B71C1C`. மேலே வெள்ளை எழுத்து. இரண்டுக்கும் இடையே உள்ள ஒளிர்வு வேறுபாடு ஏறத்தாழ 6.5:1. பளிச்சென்று வேண்டுமே என்று பொத்தானை ஆரஞ்சுக்கு, `#FF9800`க்கு, மாற்றுகிறார். நிறம் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் வெள்ளை எழுத்தோடு அதன் வேறுபாடு 2.2:1க்கும் கீழே இறங்கிவிடுகிறது. இணையப் பக்கங்களுக்கான WCAG நெறிமுறை சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது குறைந்தது 4.5:1. வெயிலில் நின்று போன் பார்ப்பவருக்கு, பளிச்சென்று ஆக்கிய பொத்தானில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது.

கூட்டினால் எடுப்பாகும் என்ற கணக்கே தப்பு. ஜெர்மன் உளவியலாளர் ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் 1933இல் காட்டியது இதைத்தான்: ஒரே மாதிரியான பலவற்றுக்கு நடுவே வேறுபட்டு நிற்கும் ஒன்று நினைவில் நன்றாகத் தங்குகிறது. அங்கே வேலை செய்வது அந்த ஒன்றின் சத்தம் அல்ல, சுற்றியிருப்பவற்றின் அமைதி. அந்தத் துணிக்கடைப் பக்கத்தில் ஏற்கெனவே மூன்று சலுகைப் பட்டைகள் சிவப்பில் கத்தும்போது நான்காவதாக ஆரஞ்சில் ஒன்று கத்தினால் யார் கேட்பார்கள்?

முதலாளியிடமே திரும்பிப் போக வேண்டும். "எந்த இடம் சார் மங்கலா இருக்கு? ஜனங்க இதைப் பார்த்துட்டு என்ன செய்யணும்? இப்ப என்ன செய்யுறாங்க?" மூன்றாவது கேள்விதான் பெரும்பாலும் பூட்டைத் திறக்கும். நம் துணிக்கடைக்காரர் சொல்வார்: "ஞாயித்துக்கிழமை கடை உண்டான்னு நாள் பூரா போன் பண்ணி உயிரை எடுக்கிறாங்க. பக்கத்துலதான் போட்டிருக்கே!" போட்டிருக்கிறதுதான். மூன்று பட்டைகளுக்கும் கீழே, 12 பிக்சல் அளவில், வெள்ளைமேல் `#999999` சாம்பலில். வேறுபாடு 2.8:1. அவர் மனதில் உறுத்தியது இந்த ஒரு வரி. "பளிச்சுனு இல்லை" என்று வாயில் வந்தது மொத்தப் பக்கத்தைப் பற்றி. பொத்தானுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்போது செய்ய வேண்டியதை எழுதிவிடலாம். நேர விவரம் முதல் பட்டைக்கு மேலே ஏற வேண்டும். எழுத்து 16 பிக்சல், நிறம் `#595959`. வேறுபாடு 7:1 ஆகிவிடும். பட்டைகளில் இரண்டின் சிவப்பைக் கழற்றிவிட்டு வெறும் எழுத்தாக்க வேண்டும். கூடவே, வேலையைத் தொடங்கும் முன்பே, எது நடந்தால் இது தேறியதாக அர்த்தம் என்பதையும் எழுத வேண்டும். பக்கத்தை இதுவரை பார்க்காத ஐந்து பேரிடம் 5 விநாடி காட்டி மறைத்துவிட்டு, "ஞாயிறு கடை உண்டா?" என்று கேட்கிறோம்; நாலு பேராவது சரியாகச் சொல்ல வேண்டும். பழைய பக்கத்தை வேறு ஐந்து பேரிடம் காட்டி இதே கேள்வியைக் கேட்டுவிடுவது முக்கியம். அதிலும் நாலு பேர் சொல்லிவிட்டால் நம் ஊகமே தவறு, நோய் வேறெங்கோ இருக்கிறது. காட்டும் போன் விலை மலிவானதாக, வெளிச்சம் பாதியாக இருக்கட்டும். டிசைனரின் பெரிய மானிட்டரில் எல்லாமே அழகுதான்.

ஐந்து பேர் போதுமா என்பார்கள். பொத்தான் நீலமா பச்சையா என்ற நுணுக்கமான வித்தியாசத்துக்குப் போதாது. கண்ணில் படவே இல்லை என்ற பெரிய கோளாறைப் பிடிக்கத் தாராளமாகப் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் முதலாளி "இன்னும் பளிச்சுனு இல்லையே" என்று சொல்லக்கூடும். அது அவருடைய ரசனை. பணம் கொடுப்பவருக்கு ரசனை இருக்கக் கூடாதா என்ன? அவருக்குப் பிடித்த இரண்டு கடைகளின் பக்கங்களைக் காட்டச் சொல்லி, அவற்றில் எது பிடித்தது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் விரல் போய் நிற்பது ஒரு புடவைப் படத்தின்மேல்தான். அப்படியானால் மாற்ற வேண்டியது நிறமல்ல, போட்டோ. அதற்கு ஆகும் செலவை டிசைன் கட்டணத்தில் சேர்க்காமல் தனியாகச் சொல்லிவிடுங்கள்.