பழைய லாக்கை அழிக்காதீர்கள்
டிஃபரன்ஷியல் பேக்கப் வந்துவிட்டது, இனி பழைய லாக்குகள் எதற்கு என்று அழித்துவிடுகிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. எஸ்.க்யூ.எல். சர்வரில் ஞாயிறு இரவு முழு பேக்கப், மற்ற இரவுகளில் டிஃபரன்ஷியல், 15 நிமிடத்துக்கொரு லாக் பேக்கப் எடுக்கிறோம். புதன் காலை 11:42-க்கு ஒருவர் `WHERE` இல்லாமல் `DELETE` கொடுத்துவிடுகிறார். முதலில் அதுவரையான லாக்கை பேக்கப் எடுக்க வேண்டும். பிறகு ஞாயிறு பிரதியை வேறு பெயரில் `NORECOVERY` என்று ஏற்றி, அதன்மேல் செவ்வாய் இரவின் டிஃபரன்ஷியலை மட்டும் ஏற்றினால் போதும். ஞாயிறுக்குப் பின் மாறிய அனைத்தும் அதில் இருக்கும். (இன்கிரிமென்டல் முறையில் திங்களுடையதும் வேண்டும், இடம் மிச்சம், ஆனால் ஒன்று கெட்டால் அடுத்தது பயன்படாது.) அதன்பின் லாக்குகளை வரிசையாக ஏற்றி, `STOPAT` கொடுத்து 11:41-இல் நிறுத்தலாம். ஆனால் செவ்வாய் மதியம் யாரோ சோதனைக்கென `COPY_ONLY` போடாமல் ஒரு முழு பேக்கப் எடுத்து, அந்தக் கோப்பையும் அழித்திருந்தால்? அன்றிரவின் டிஃபரன்ஷியல் ஞாயிறு பிரதிமேல் ஏறாது. அப்போது திங்கள் டிஃபரன்ஷியலும், திங்கள் இரவிலிருந்து ஒன்றுகூட விடுபடாத லாக்குகளும் இருந்தால் 11:41-ஐ எட்டலாம்.