'டாக்டர் ஹூ' முதல் சீசன் நாயகன் யார்? மூன்று பதில்கள், மூன்றும் சரி

வெள்ளிக்கிழமை மாலை, அலுவலக வினாடி வினா. கடைசிச் சுற்று. இரண்டு அணிகள் சமமாக நிற்கின்றன. கேள்வி வருகிறது: "டாக்டர் ஹூ தொடரின் முதல் சீசனில் டாக்டராக நடித்தவர் யார்?"

ஒரு அணி உடனே பஸ்ஸரை அழுத்தி "வில்லியம் ஹார்ட்னெல்" என்கிறது. கேள்வி கேட்டவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "தவறு. கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன்" என்கிறார். பின்வரிசையிலிருந்து இன்னொருவர், "ரெண்டும் இல்லீங்க, ஷூட்டி காட்வா" என்கிறார். அடுத்த பத்து நிமிடம் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லார் கையிலும் போன், எல்லார் போனிலும் வேறு வேறு பதில்.

நான் பார்த்த இந்தச் சண்டையில் யாரும் பொய் சொல்லவில்லை. தவறு அட்டையிலும் இல்லை. ஒரு பிரிட்டிஷ் கேள்வித் தொகுப்பிலிருந்து எடுத்த அந்தக் கேள்வியில் 'சீரிஸ் ஒன்று' என்றுதான் இருந்தது. "ரெண்டும் ஒண்ணுதானே, நம்மாளுங்க சீசன்னுதான் சொல்லுவாங்க" என்று நினைத்து, வாசிக்கும்போது அவர் ஒரே ஒரு சொல்லை மாற்றினார். அதோடு பதிலும் மாறிப்போனது.

அங்கே சீரிஸ், இங்கே சீசன்

அமெரிக்காவில் 'சீரிஸ்' என்றால் முழுத் தொடர், முதல் எபிசோடிலிருந்து கடைசி எபிசோடு வரை எல்லாம் சேர்ந்தது. அதில் ஒரு வருடத்துக்கு வரும் பகுதிதான் 'சீசன்'. பிரிட்டனில் அந்த ஒரு பகுதியையே 'சீரிஸ்' என்பார்கள். முழுத் தொடரைச் சொல்ல வேண்டுமானால் 'புரோகிராம்' அல்லது 'ஷோ'. அதாவது அமெரிக்கர் சீசன் என்று சொல்வதைத்தான் பிரிட்டிஷ்காரர் சீரிஸ் என்கிறார்.

இது குழப்பமாகத் தெரிந்தால் கிரிக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். '2005 ஆஷஸ் சீரிஸ்' என்றால் 1882 முதல் இன்றுவரை நடந்த எல்லா ஆஷஸ் போட்டிகளையுமா சொல்கிறோம்? இல்லை, அந்த ஆண்டு நடந்த ஐந்து டெஸ்ட்களை மட்டும். பிரிட்டிஷ் டிவியின் சீரிஸும் இதே கணக்கு. ஐபிஎல்லுக்கு வந்தால் நாமே 'சீசன்' என்கிறோம், ஏனென்றால் அது ஆண்டுதோறும் குறிப்பிட்ட மாதங்களில் வந்து போகிறது. அது அமெரிக்க டிவியின் கணக்கு. இரண்டு வழக்குகளும் நம் வாயில் ஏற்கனவே இருக்கின்றன, டிவி என்று வரும்போது மட்டும் கலந்துவிடுகிறோம்.

தமிழின் 'தொடர்' இன்னும் கொஞ்சம் சிக்கல். 'சின்னத்திரை தொடர்' என்றால் முழுசும். 'டெஸ்ட் தொடர்' என்றால் ஒரு தொகுப்பு மட்டும். ஆகவே ஆங்கிலக் கேள்வியைத் தமிழில் மாற்றும்போது 'முதல் தொடர்' என்று எழுதிவிட்டால், கேட்பவர் எந்தப் பக்கமும் போகலாம்.

ஏன் இப்படிப் பிரிந்தது?

குற்றாலத்தில் சீசன், சென்னையில் டிசம்பர் சீசன் என்கிறோமே, அமெரிக்க டிவியின் சீசனும் அதே பொருளில் வந்ததுதான். அங்கே பெரிய சேனல்கள் செப்டம்பரில் புது எபிசோடுகளைத் தொடங்கி மே மாதம் வரை ஓட்டும். கோடையில் பெரும்பாலும் பழையவற்றின் மறுஒளிபரப்பு. விளம்பரதாரர்களிடம் அடுத்த ஆண்டுக்கான நேரத்தை முன்கூட்டியே விற்பதும் இந்த நாட்காட்டியை வைத்துத்தான். ஒரு தொடருக்கு ஆண்டுக்கு 22 எபிசோடு என்பது நீண்டகாலம் சகஜமாக இருந்தது. அவ்வளவையும் எழுத ஒரு அறை நிறைய எழுத்தாளர்கள் வேண்டும்.

பிரிட்டனில் ஒரு நகைச்சுவைத் தொடரை ஒருவரோ இருவரோ எழுதுவார்கள். ஆறு எபிசோடு எழுதி முடித்தால் ஒரு சீரிஸ். அது எந்த மாதத்திலும் வரலாம், அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. நல்ல உதாரணம் 'ஃபால்டி டவர்ஸ்'. ஜான் கிளீஸும் கானி பூத்தும் எழுதியது. 1975இல் ஆறு எபிசோடு, 1979இல் ஆறு எபிசோடு, அவ்வளவுதான். நடுவில் நான்கு வருட இடைவெளி விட்டு வந்ததை எந்தப் பருவத்தோடு சேர்த்து சீசன் என்பது? போதாக்குறைக்கு பிரிட்டிஷ் டிவியில் 'சீசன்' என்ற சொல்லுக்கு வேறு வேலையும் உண்டு. ஒரே தலைப்பில் பல நிகழ்ச்சிகளைச் சேர்த்து சில வாரங்கள் ஒளிபரப்பினால் அதையும் சீசன் என்பார்கள்.

அப்போ டாக்டர் ஹூவில் யார் சரி?

இது பிபிசியின் தொடர், ஆனால் இரண்டு சொற்களையும் பயன்படுத்திவிட்டது. அதனால்தான் இந்தக் கேள்வி இவ்வளவு ஆபத்தானது.

1963 நவம்பர் 23 அன்று தொடங்கியபோது டாக்டராக வந்தவர் வில்லியம் ஹார்ட்னெல். முதல் ஆண்டில் மட்டும் 42 எபிசோடுகள், கிட்டத்தட்ட வாரம் தவறாமல். இவ்வளவு நீளமாக ஓடியதால் 1989 வரையிலான அந்தப் பழைய காலத்தை ரசிகர்கள் 'சீசன்' வைத்தே எண்ணுகிறார்கள். மொத்தம் 26 சீசன்.

பிறகு நீண்ட இடைவெளி. நடுவில் 1996இல் ஒரே ஒரு டிவி படம். 2005இல் ரஸல் டி. டேவிஸ் மீண்டும் கொண்டுவந்தபோது கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் டாக்டர், 13 எபிசோடு. பழைய எண்ணைத் தொடர்ந்து '27' என்று போடாமல், வழக்கமான பிரிட்டிஷ் முறையில் 'சீரிஸ் ஒன்று' என்றார்கள். 2021இல் வந்தது சீரிஸ் 13.

இந்த ஏற்பாடு கேள்வி தயாரிப்பவர்களுக்கு வசதியாகவே இருந்தது. சீசன் ஒன்று என்றால் 1963, சீரிஸ் ஒன்று என்றால் 2005. சொல்லை வைத்தே காலத்தைப் பிடித்துவிடலாம். நம் அலுவலகப் போட்டியில் அட்டையில் இருந்தபடி வாசித்திருந்தால் எக்கிள்ஸ்டன் சரியான விடை. சீசன் என்று மாற்றி வாசித்ததால் ஹார்ட்னெல் என்ற அணிதான் விஷயம் தெரிந்த அணி. அவர்களுக்குத்தான் பூஜ்யம் கிடைத்தது.

அப்புறம் 2024 வந்தது. பிரிட்டனுக்கு வெளியே டிஸ்னி பிளஸ்ஸில் வரத் தொடங்கியிருந்த தொடர், ஷூட்டி காட்வாவோடு எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. இந்த முறை 'சீரிஸ் 14' இல்லை, அதிகாரப்பூர்வமாகவே 'சீசன் ஒன்று'. பின்வரிசைக்காரர் சொன்னதும் சரிதான். ரசிகர்கள் கட்டிக்காத்த வேலி அதோடு சரிந்தது. ஒரு கோப்பின் பெயரில் S01E01 என்று மட்டும் இருந்தால், உள்ளே 1963இன் 'ஆன் அன்எர்த்லி சைல்ட்' இருக்கலாம், 2005இன் 'ரோஸ்' இருக்கலாம், 2024இன் 'ஸ்பேஸ் பேபீஸ்' இருக்கலாம்.

சொல்லை மாற்றினால் எண்ணும் மாறுமா?

'சீரிஸ்' இருந்த இடத்தில் 'சீசன்' போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். நாடு மாறும்போது எண்ணே மாறுவதும் உண்டு. 'தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' என்ற கேக் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 'பேக் ஆஃப்' என்ற சொல் வேறொரு நிறுவனத்தின் வணிக முத்திரை என்பதால், அங்கே அது 'பேக்கிங் ஷோ' ஆனது. அதோடு, அமெரிக்காவின் பிபிஎஸ் சேனல் பிரிட்டனின் ஐந்தாவது சீரிஸைத்தான் தன் முதல் சீசனாக ஒளிபரப்பியது. பழைய மூன்றாவது சீரிஸ் அங்கே ஐந்தாவது சீசனாகப் போனது. நெட்ஃபிளிக்ஸோ இரண்டு சொல்லும் வேண்டாமென்று 'கலெக்‌ஷன்' என்று பெயர் வைத்தது. பிரிட்டனில் எட்டாவதாக வந்தது அங்கே கலெக்‌ஷன் ஐந்து.

ஆகவே "ஐந்தாவதில் ஜெயித்தது யார்?" என்றால், பிரிட்டனில் பார்த்தவருக்கு நான்சி பர்ட்விசில். பிபிஎஸ்ஸில் பார்த்தவருக்கு ஜான் வைட். நெட்ஃபிளிக்ஸில் பார்த்தவருக்கு சோஃபி ஃபால்டோ. மூவருமே நிஜமாகவே ஜெயித்தவர்கள்.

'எத்தனை' என்று கேட்டாலும் இதே கதை. "தி ஆபீஸுக்கு எத்தனை சீரிஸ்?" பிரிட்டிஷ்காரர் இரண்டு என்பார், கூடவே 2003 கிறிஸ்துமஸ் சிறப்பு. அமெரிக்கர் காதில் இது "தி ஆபீஸ் என்ற பெயரில் எத்தனை தொடர்கள் வந்தன?" என்று விழலாம். அமெரிக்கத் தயாரிப்பை மனதில் வைத்தவர் ஒன்பது என்பார். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவம் என்பது இன்னொரு தொல்லை. 'ஆல் தி சீரிஸ்' என்று பார்த்ததும் அது ஒன்றா பலவா என்று சொல்லிவிட முடியாது.

நீங்கள் கேள்வி தயாரிக்கிறீர்களா?

முதலில், கேள்வியை எடுத்த இடம் எந்த நாட்டுடையது என்று பாருங்கள். உள்ளே இருக்கும் எழுத்துக்கூட்டலும் நாணயமும் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு எண்ணை நீக்கிவிட்டு ஆண்டைப் போடுங்கள். 2005 என்பது எல்லா நாட்டிலும் 2005தான், முதலில் எங்கே ஒளிபரப்பானது என்றும் சேர்த்துவிட்டால் போதும். எண்ணை விட மனமில்லையென்றால் எந்தச் சேனலின் எண் என்று சொல்லுங்கள், அட்டையில் மாற்று விடைகளையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டிலும் ஒரு சின்ன எச்சரிக்கை: அமெரிக்க சீசன் செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு மே வரை போவதால் '2004-05' என்று இரண்டையும் எழுத வேண்டியிருக்கும்.

போட்டியில் உட்கார்ந்திருப்பவர் நீங்கள் என்றால், பதில் சொல்வதற்கு முன் "எந்த ஆண்டு?" என்று கேட்டுவிடுங்கள். பஸ்ஸரை அழுத்திய பிறகு கேட்டால் பல போட்டிகளில் அது செல்லாது.

அன்றைய சண்டை எப்படி முடிந்தது என்றால், கேள்வி ரத்தானது. மாற்றுக் கேள்வி வந்தது, இந்தத் தடவை ஆண்டோடு: "1975இல் பிபிசியில் தொடங்கிய ஃபால்டி டவர்ஸுக்கு மொத்தம் எத்தனை எபிசோடுகள்?" ஹார்ட்னெல் அணிக்கு அதுவும் தெரிந்திருந்தது.