வட்டிக்கு அஞ்சிச் சூதில் விழுவதா?

வட்டி ஹராம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அல்பகரா அத்தியாயத்தின் 275ஆம் வசனம் வணிகத்தை ஆகுமாக்கி, வட்டியைத் தடுத்திருக்கிறது. ஆனால் அந்த வசனத்தையே கேடயமாக்கிக்கொண்டு, "வங்கி வட்டி வேண்டாம், டிரேடிங் வணிகம்தானே, அது ஹலால்" என்று கூறிச் சிறுசேமிப்பைக் கைப்பேசிச் செயலியில் கொட்டும் இளைஞர்கள் நம் ஊர்களில் பெருகிவருகிறார்கள். இந்த வாதத்தை நாம் முற்றாக மறுக்கிறோம்.

இடைசெவல் போன்ற கரிசல் கிராமத்திலிருந்து கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலைக்குக் கூலி வேலைக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரால் மாதம் 1,000 ரூபாய் மிச்சப்படுத்த முடிகிறது. அஞ்சலகத்தின் ஐந்தாண்டுத் தொடர் வைப்பில் அதைச் செலுத்தினால், 6.7 சதவீத வட்டி விகிதத்தில் முதிர்வின்போது 71,366 ரூபாய் கிடைக்கும். அதில் 60,000 அவருடைய உழைப்பு, 11,366 வட்டி. ஐந்தாண்டுக் காத்திருப்புக்கு இவ்வளவுதானா என்று அவருடைய மகன் ஏளனம் செய்கிறான். ஆப்ஷன் வாங்கினால் ஒரே வாரத்தில் இதைவிட அதிகம் பார்க்கலாம் என்கிறான்.

அவன் சொல்லும் வணிகம் எப்படி நடக்கிறது? நிஃப்டி குறியீடு 25,000 புள்ளியில் நிற்கிறது என்று கொள்வோம். அது இன்னும் உயரும் என்று நம்பி, 25,000க்கான 'கால்' ஆப்ஷனை 100 ரூபாய் பிரீமியத்தில் வாங்குகிறான். 2025இல் ஒரு லாட் என்பது 75. ஆகவே அவன் கட்டுவது 7,500 ரூபாய். வாரக்கெடு முடியும் நாளில் குறியீடு 25,100ஐத் தாண்டியிருந்தால்தான் அவனுக்கு ஒரு ரூபாயேனும் லாபம். 25,050இல் நின்றால், கணிப்பு சரியாக இருந்தும் பாதிப் பணம் போய்விடும். 25,000இலேயே நின்றுவிட்டால் 7,500 ரூபாயும் போயிற்று. தந்தையின் ஏழரை மாதச் சேமிப்பு ஒரே வாரத்தில் கரைந்தது. இப்படி இரண்டு வாரம் தவறினால், ஐந்தாண்டில் சேரும் வட்டியைவிடப் பெரிய தொகை முதலிலிருந்தே கழிந்துவிடும். தரகுக் கட்டணமும் வரியும் இதற்கு மேல்.

இது ஓரிருவருக்கு நேரும் துரதிர்ஷ்டம் அன்று. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளைப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி ஆராய்ந்தது. இத்தகைய ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்திருந்தார்கள். நட்டம் சராசரியாக ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் கண்டவர்கள் ஒரு சதவீதமே. 2024ஆம் நிதியாண்டில் லாபம் ஈட்டியவர்கள், கணினி நிரல்களைக் கொண்டு வர்த்தகம் செய்யும் பெருநிறுவனங்களும் அயல்நாட்டு முதலீட்டாளர்களும். ஊர்ப்பிள்ளைகள் இழந்த பணம் யார் மடியில் விழுந்தது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

இதை வணிகம் என்று அழைப்பது எங்ஙனம் பொருந்தும்? வணிகத்தில் ஒரு பொருள் கைமாறும். வாங்கியவரும் விற்றவரும் பயனடைவர். இங்கே குறியீட்டின் ஏற்ற இறக்கத்தின் மீது பந்தயம் மட்டுமே நடக்கிறது. ஒருவர் பெறுவதெல்லாம் மற்றவர் இழந்தது. அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் தடுத்த மைசிருக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா? ஜித்தாவின் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1992ஆம் ஆண்டிலேயே ஆப்ஷன் ஒப்பந்தங்கள் கூடா என்று தீர்மானித்துவிட்டது.

"அப்படியானால் வட்டியை வாங்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. வேறு வழியின்றி வட்டிக் கணக்கில் பணம் வைத்திருப்பவர், தம் 60,000ஐ எடுத்துக்கொண்டு, எஞ்சிய 11,366ஐ நன்மை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதே ஆலிம்கள் பலரின் வழிகாட்டல். அதை ஜகாத்தாகக் கணக்கிட முடியாது. வட்டியே வேண்டாம் என்பவர், நன்கறிந்த பத்துப் பேர் மாதந்தோறும் சம தொகை போட்டு, ஏலமோ தள்ளுபடியோ இன்றி முறைவைத்து எடுத்துக்கொள்ளும் சீட்டில் சேரலாம். விலைவாசி உயர்வால் சேமிப்பின் மதிப்பு ஆண்டுதோறும் சிறிது தேயும் என்பது உண்மையே. அந்தத் தேய்மானத்துக்கு அஞ்சி, முழுத் தொகையும் ஒரே வாரத்தில் அழியக்கூடிய இடத்தில் அதை வைப்பது அறிவுடைமை ஆகாது.

மானாவாரி நிலத்தை நம்பி வாழும் கரிசல்காட்டுக் குடும்பம், மழை பொய்த்த ஆண்டிலும் விதைத் தானியத்தில் கைவைக்கத் தயங்கும். கூலிக்காரரின் 60,000 ரூபாயும் விதைத் தானியம்தான். வட்டியை விட்டதற்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. விட்ட கையோடு சூதாடியதற்கு அது கிடைக்கும் என்று எவரும் எண்ணிக்கொள்ள வேண்டாம்.